என் குறிப்பை நம்பி நானே ஏமாந்தேன்: ESP32-இல் செடிக்குத் தண்ணீர் விடும் கருவி

எட்டு மாதங்களுக்கு முன்பு, மண் காய்ந்தால் தானே தண்ணீர் விடும் ஒரு சின்னக் கருவியை ESP32 பலகையில் செய்தேன். நன்றாக வேலை செய்தது. அந்தச் சூட்டோடு ஒரு செய்முறைக் குறிப்பும் எழுதி வைத்தேன். மேலே நாலு வரி அறிமுகம், கீழே பாகங்களின் பட்டியல், அப்புறம் இணைப்பு விவரம், கடைசியில் நிரலுக்கான சுட்டி. போன மாதம் இன்னொரு தொட்டிக்கும் அதே கருவி தேவைப்பட்டது. ஓடிக்கொண்டிருக்கிற பழையதைக் கழற்றிப் பார்க்க மனம் வரவில்லை. குறிப்புதான் இருக்கிறதே, அதைப் பார்த்தே செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஒரு மாலையில் முடியவேண்டிய வேலை ஒன்பது நாள் இழுத்தது. ஒவ்வொரு நாளும் நான் முட்டிக்கொண்ட இடம், அந்தக் குறிப்பில் நான் எழுதாமல் விட்ட ஏதோ ஒரு வரி. குறிப்பு இவ்வளவுதான்:

பாகங்கள்: ESP32 பலகை 1, மண் ஈரப்பத சென்சார் 1, சிறிய தண்ணீர் பம்ப் 1, மாஸ்ஃபெட் 1, டயோடு 1, ரெசிஸ்டர் 2, ஒயர்கள், 5 வோல்ட் அடாப்டர்.

இணைப்பு: சென்சார் 26-ஆம் பின்னில். பம்ப், மாஸ்ஃபெட் வழியாக 14-ஆம் பின்னில். எல்லா கிரவுண்டையும் ஒன்றாகச் சேர்க்கவும்.

எழுதிய அன்றைக்கு இது போதும் என்றுதான் தோன்றியது. மேசையில் கருவி கண்முன்னே இருக்கும்போது எந்த வரி குறைகிறது என்று தெரியாது.

"மாஸ்ஃபெட் 1"

பெட்டியைத் துழாவினால் கையில் வந்தது IRF520. சிறு பலகையில் ஸ்க்ரூ முனைகளோடு வருமே, அந்த மாட்யூல். பம்புக்குப் போகும் மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் தானே, போட்டுவிட்டேன்.

நிரல் ஏற்றுவதற்கு முன்பு பம்பை மட்டும் தனியாகச் சோதிப்பது என் வழக்கம். பலகையின் 3.3 வோல்ட் பின்னிலிருந்து ஒரு ஜம்பர் ஒயரை எடுத்து மாஸ்ஃபெட்டின் கேட் முனையில் தொட வேண்டும். பம்ப் ஓடினால் அந்தப் பக்கம் சரி, இனிமேல் வரும் கோளாறு நிரலிலோ பின் எண்ணிலோதான் இருக்கும். தொட்டேன். பம்ப் ஓடியது. ஆனால் முனகியது. தண்ணீர் டியூபில் பாதி தூரம் ஏறி அங்கேயே நின்றது. பம்ப் பழசாகிவிட்டது என்று நினைத்து அதை மாற்றினேன். புதியதும் அப்படியே முனகியது. அந்த முதல் மாலை இதிலேயே போயிற்று.

மறுநாள்தான் மல்டிமீட்டரை எடுத்தேன். பம்பின் இரண்டு முனைகளுக்கு நடுவே 2.3 வோல்ட். மாஸ்ஃபெட்டின் டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் நடுவே 2.7 வோல்ட். 5 வோல்ட்டில் பாதிக்கு மேல் மாஸ்ஃபெட்டே விழுங்கிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தால் இளஞ்சூடு.

IRF520 முழுதாகத் திறக்க கேட்டில் 10 வோல்ட் வேண்டும். அதன் விவரத்தாளில் டிரெயின்-சோர்ஸ் தடை 0.27 ஓம் என்று போட்டிருப்பதும் அந்த 10 வோல்ட்டுக்குத்தான். அது திறக்கத் தொடங்குவதே 2 வோல்ட்டிலிருந்து 4 வோல்ட்டுக்குள் எங்கோ ஓரிடத்தில். ESP32 கொடுப்பதோ 3.3 வோல்ட். அதனால் சில IRF520 கொஞ்சம் திறக்கும், சில திறக்கவே திறக்காது. குழாயைக் கால் திருகு திறந்துவிட்டு ஏன் தண்ணீர் வரவில்லை என்று கேட்பது போலத்தான்.

முதல் கருவியில் நான் போட்டிருந்தது IRLZ44N. இது 1 முதல் 2 வோல்ட்டுக்குள் திறக்கத் தொடங்கிவிடும். 3.3 வோல்ட் கொடுத்தால், இந்தப் பம்ப் இழுக்கும் கால் ஆம்பியர் அளவு மின்னோட்டத்துக்குத் தாராளம். மாற்றிப் போட்டு அளந்தேன். டிரெயின்-சோர்ஸ் நடுவே 0.02 வோல்ட். பம்ப் 10 விநாடியில் 160 மில்லி தண்ணீரைத் தூக்கியது. IRF520 இருந்தபோது அதே 10 விநாடியில் டியூபின் வாயிலிருந்து ஒரு சொட்டுகூட விழவில்லை. பெயரில் நடுவே ஒரு "L" இருப்பதும் இல்லாததும்தான் இவ்வளவு வித்தியாசம். பட்டியலிலேயே மலிவான பாகங்களில் ஒன்று அது. அதன் பெயரை எழுதச் சோம்பல்பட்டதற்கு இரண்டு மாலை.

தும்மும் பம்ப்

சரி, இனி நிரல். குறிப்பில் இருந்த சுட்டியைத் திறந்து, இருந்த நிரலை இறக்கி ஏற்றினேன். சென்சாரை மண்ணிலிருந்து பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். காற்றில் இருந்தால் "காய்ந்த மண்" என்றுதான் படிக்கும், பம்ப் ஓட வேண்டும். ஓடவில்லை.

பலகையின் மறுதொடக்கப் பொத்தானை அழுத்தினேன். பம்ப் ஒரு நொடி "டுக்" என்றது. பிறகு அமைதி. மறுபடி அழுத்தினால் மறுபடி "டுக்". இந்தத் தும்மல்தான் என்னை நன்றாகத் திசை திருப்பியது. பம்ப் அசைகிறதென்றால் இணைப்பு சரி என்றுதானே அர்த்தம்? அப்படியானால் கோளாறு நிரலில் என்று முடிவுகட்டி, நிபந்தனையை மாற்றி, எண்களை மாற்றி, ஒரு மணி நேரத்துக்கு மேல் நிரலையே கிளறிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் நிரலின் மேல் வரிகளை நிதானமாகப் படித்தபோது பார்த்தேன், அதில் பம்புக்கு எழுதியிருந்தது 23. குறிப்பில் 14. நான் குறிப்பைப் பார்த்து 14-இல் ஒயர் கொடுத்திருந்தேன். நிரலோ 23-ஐ உயர்த்தித் தாழ்த்திக்கொண்டிருந்தது.

பிறகு நினைவு வந்தது. முதல் கருவியிலும் இதே தும்மல் இருந்தது. ESP32-இல் 14-ஆம் பின், பலகை உயிர்பெறும் அந்தச் சிறு நேரத்தில், நம் நிரல் தொடங்குவதற்கு முன்பே தானாக உயர்ந்து தாழும். எல்இடி என்றால் ஒரு மினுக்கு, அவ்வளவுதான். பம்ப் என்றால் ஒவ்வொரு மறுதொடக்கத்துக்கும் ஒரு வாய்த் தண்ணீர். அதனால்தான் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை பம்பை 23-க்கு மாற்றி, நிரலையும் திருத்தி அனுப்பியிருக்கிறேன். குறிப்பைத் திருத்த மறந்துவிட்டேன். சுட்டி எப்போதும் புதிய நிரலைத்தான் காட்டும், குறிப்போ பழைய நிரலுக்கு எழுதியது.

இதற்கு வைத்தியம் எளிது. குறிப்பை எழுதும் நாளில் நிரல் எந்த நிலையில் இருக்கிறதோ, அந்த நிலைக்கு ஒரு பெயர் கொடுத்து, அந்தப் பெயருக்குச் சுட்டி கொடுக்க வேண்டும்:

```
git tag v2
git push origin v2
```

இனி சுட்டி `main` கிளைக்குப் போகாது, `v2`-வுக்குப் போகும். நாளைக்கு நான் எதை மாற்றினாலும், அந்தக் குறிப்பைப் படிப்பவர் திறக்கும் நிரலில் பின் எண்கள் மாறாது. புதிய நிரலுக்குப் புதிய குறிப்பு எழுதும்போது `v3`.

4095

பம்ப் ஓடியது. இந்த முறை ஒரு ஆசை கூடுதலாக வந்தது. ஈர அளவை வைஃபை வழியாகக் கணினிக்கு அனுப்பிப் பதிவு செய்தால், மண் எத்தனை நாளில் காய்கிறது என்று பார்க்கலாமே. முதல் கருவியில் வைஃபை கிடையாது. பத்து வரி சேர்த்தேன். அதுவரை 1500, 1900 என்று ஏறி இறங்கிக்கொண்டிருந்த சென்சார் அளவு, 4095 என்ற எண்ணில் உறைந்து நின்றுவிட்டது. தண்ணீரில் முக்கினாலும் 4095, காற்றில் தூக்கினாலும் 4095.

12 பிட் அளவீட்டில் 4095 என்பது உச்சம். அதைப் பார்த்ததும் சென்சார் ஒயர் எங்கோ 3.3 வோல்ட்டோடு ஒட்டிவிட்டது என்று நினைத்தேன். பிரெட்போர்டில் ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிச் செருகினேன். சென்சாரின் வெளிவரும் முனையில் மல்டிமீட்டரை வைத்தால், தண்ணீரில் முக்கும்போது வோல்ட் அழகாக இறங்குகிறது, எடுத்தால் ஏறுகிறது. சென்சார் சரி, ஒயர் சரி, பலகைதான் படிக்க மறுக்கிறது.

ஒரே ஒரு வரியை முடக்கிப் பார்த்ததில் விடை வந்தது. `WiFi.begin` வரிக்கு முன்னால் இரண்டு கோடு போட்டேன். எண்கள் மறுபடி அசையத் தொடங்கின. கோட்டை எடுத்தால் 4095.

ESP32-இல் வோல்ட் அளக்கும் பகுதிகள் இரண்டு உண்டு. இரண்டாவது பகுதியை வைஃபையும் பயன்படுத்திக்கொள்ளும். வைஃபை ஓடும்போது அந்தப் பகுதியைச் சேர்ந்த பின்களில் `analogRead` நம்பத்தக்கதல்ல. 0, 2, 4, 12 முதல் 15 வரை, 25 முதல் 27 வரை எல்லாம் அந்த இரண்டாவது பகுதி. நான் கொடுத்திருந்த 26 அதில்தான் இருக்கிறது. முதல் பகுதியில் இருப்பவை 32 முதல் 39 வரை. சென்சாரை 34-க்கு மாற்றினேன். 34 உள்ளே வருவதை வாங்க மட்டுமே முடியும், அதிலிருந்து எதையும் இயக்க முடியாது. சென்சாருக்கு அது போதும். இப்போது வைஃபை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எண் ஒரே மாதிரி வருகிறது.

முதல் கருவியில் 26 நன்றாகவே வேலை செய்தது என்பதுதான் இதில் சங்கடம். குறிப்பு பொய் சொல்லவில்லை. ஆனால் "வைஃபை சேர்த்தால் இந்தப் பின் ஆகாது" என்று ஒரு வரி இருந்திருந்தால் இந்தக் கூத்து இல்லை. அதைவிட, எதற்கு வம்பு என்று முதலிலேயே 34-ஐ எழுதியிருக்கலாம்.

இந்த இடத்தில் சென்சாரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இது பலகையின் முகத்தில் v1.2 என்று அச்சிட்ட, உலோகம் வெளியே தெரியாத கெபாசிட்டிவ் வகை. இரண்டு ஆணி போல நீட்டிக்கொண்டிருக்கும் பழைய வகை, மின்சாரம் மண்ணுக்குள் பாய்வதால் சில வாரங்களில் அரித்துப் போகும். இதில் அந்தத் தொல்லை இல்லை. ஈரம் கூடினால் எண் குறையும், காய்ந்தால் கூடும்; முதலில் இது தலைகீழாகப் படும். என் முதல் சென்சார் காற்றில் 2710, தண்ணீரில் 1180 காட்டியது. இரண்டாவது அதே வகைதான், ஆனால் காற்றில் 2590, தண்ணீரில் 1340. முதல் கருவியின் எண்களை அப்படியே போட்டிருந்தால் பம்ப் தாமதமாகத்தான் ஓடியிருக்கும். ஆகவே எண்ணைக் குறிப்பில் எழுதுவதைவிட, எண்ணை எப்படி எடுப்பது என்று எழுதுவதே உதவும். முதலில் காற்றில் ஓர் அளவு. பிறகு பலகையில் அச்சிட்ட கோடு வரைக்கும் மட்டும் தண்ணீரில் முக்கி ஓர் அளவு. அப்புறம் அதே தொட்டியில், செடிக்குத் தண்ணீர் தேவை என்று உங்களுக்கே தோன்றும் நாளில் ஓர் அளவு. எனக்கு அந்த மூன்றாவது எண் 2150 வந்தது. பம்பை ஓட்ட முடிவெடுக்கும் எண் அதுதான்.

இரவெல்லாம் டுக் டுக்

மேசையில் எல்லாம் ஓடியது. தொட்டிக்கு அருகே கொண்டுபோய் வைத்தேன். மின் இணைப்பு தள்ளி இருந்ததால் 3 மீட்டர் நீள யூஎஸ்பி கேபிள் ஒன்றை எடுத்துப் பலகையில் செருகி, பம்புக்கான 5 வோல்ட்டைப் பலகையின் VIN பின்னிலிருந்தே எடுத்தேன். ஒரே கேபிள், பார்க்க அழகாக இருந்தது.

மறுநாள் காலையில் தொட்டிக்கு அடியில் தண்ணீர் குளம். பம்ப் ஐந்து விநாடிக்கு ஒரு முறை "டுக்" என்று அடித்து அடித்து நின்றுகொண்டிருந்தது. கணினியை இணைத்துப் பார்த்தால், திரையில் ஒரே வரி திரும்பத் திரும்ப:

```
Brownout detector was triggered
```

நடந்தது இதுதான். பம்ப் தொடங்கும் நொடியில், ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். மெல்லிய நீளமான கேபிளில் அந்த நொடியில் வோல்ட் இறங்கும். போதாததற்கு, என் பலகையில் யூஎஸ்பி முனைக்கும் VIN பின்னுக்கும் நடுவே ஒரு டயோடு இருக்கிறது, அதிலும் கொஞ்சம் போகும். அளந்தபோது பம்ப் ஓடாத நேரத்தில் VIN-இல் 4.7 வோல்ட், ஓடும்போது 4.2. தொடங்கும் அந்த நொடியில் இன்னும் கீழே போயிருக்கும், அதைப் பிடிக்கும் வேகம் மல்டிமீட்டருக்குக் கிடையாது. பலகையில் இருக்கும் AMS1117, தன் 3.3 வோல்ட்டைக் கொடுக்க உள்ளே ஏறக்குறைய 4.4 வோல்ட்டாவது வர வேண்டும். அதற்குக் கீழே போனால் 3.3-உம் சேர்ந்து சரியும். ESP32 தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மறுதொடக்கம் செய்துகொள்ளும்.

அது மட்டுமென்றால் பரவாயில்லை. சோதனைக்கு வசதியாக இருக்கட்டும் என்று, தொடங்கியவுடனே ஈரம் பார்த்துப் பம்பை ஓட்டும்படி நிரல் எழுதியிருந்தேன். எனவே மறுதொடக்கம், மண் காய்ந்திருக்கிறது, பம்ப், வோல்ட் சரிவு, மறுபடி மறுதொடக்கம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வாய்த் தண்ணீர். அந்தத் தண்ணீர் டியூபின் நுனியிலிருந்து தொட்டியின் ஒரு ஓரத்தில் விழ, சென்சார் இன்னொரு ஓரத்தில் காய்ந்த மண்ணிலேயே இருந்தது. அது நிறுத்தச் சொல்லவே இல்லை.

ஒயர் பக்கமும் நிரல் பக்கமும் இரண்டையும் திருத்தினேன். அடாப்டரிலிருந்து தடிமனான இரண்டு கம்பி ஒயரை இழுத்து, ஒரு ஸ்க்ரூ டெர்மினலில் முடித்தேன். அந்த இடத்திலிருந்து பம்புக்குத் தனி ஜோடி, பலகையின் VIN-க்கும் கிரவுண்டுக்கும் தனி ஜோடி. பம்பின் மின்னோட்டம் இப்போது பலகை வழியாகவோ பிரெட்போர்டு வழியாகவோ போவதில்லை. டெர்மினலிலேயே 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கெபாசிட்டர் ஒன்று, கோடு போட்ட பக்கம் கிரவுண்டுக்கு. தொடங்கும் நொடியின் பசியை அது ஆற்றும். மறுபடி அளந்தால் பம்ப் ஓடாதபோது 4.9, ஓடும்போது 4.8. நிரல் ஏற்றக் கணினியை இணைக்கும்போது அடாப்டரைக் கழற்றிவிடுவேன், இரண்டு பக்கமிருந்தும் மின்சாரம் கொடுப்பதில்லை.

நிரலில் மாற்றியது இதுதான்:

```cpp
const int SENSOR_PIN = 34;
const int PUMP_PIN   = 23;
const int AIR_LIMIT  = 2500;  // இதற்கு மேல்: சென்சார் மண்ணில் இல்லை
const int START_AT   = 2150;  // இதற்கு மேல்: மண் காய்ந்தது
const unsigned long PUMP_MS = 4000;
const unsigned long REST_MS = 600000UL;  // 10 நிமிடம்
unsigned long lastPump = 0;

int readSoil() {
  long sum = 0;
  for (int i = 0; i < 16; i++) {
    sum += analogRead(SENSOR_PIN);
    delay(10);
  }
  return sum / 16;
}

void setup() {
  pinMode(PUMP_PIN, OUTPUT);
  digitalWrite(PUMP_PIN, LOW);
  Serial.begin(115200);
}

void loop() {
  int soil = readSoil();
  Serial.println(soil);
  bool dry = soil > START_AT && soil < AIR_LIMIT;
  if (dry && millis() - lastPump > REST_MS) {
    digitalWrite(PUMP_PIN, HIGH);
    delay(PUMP_MS);
    digitalWrite(PUMP_PIN, LOW);
    lastPump = millis();
  }
  delay(5000);
}
```

வைஃபை வரிகளை இங்கே விட்டுவிட்டேன். கவனிக்க வேண்டியது `lastPump = 0`. பலகை உயிர்பெறும்போது `millis()` பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கும். அதனால் எந்தக் காரணத்தால் மறுதொடக்கம் ஆனாலும் முதல் பத்து நிமிடத்துக்குப் பம்ப் ஓடாது. இனி ஒருவேளை வோல்ட் சரிந்தாலும் பத்து நிமிடத்துக்கு ஒரு வாய்தான், ஐந்து விநாடிக்கு ஒன்றல்ல. அந்தப் பத்து நிமிடத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. 4 விநாடியில் ஏறக்குறைய 65 மில்லி விழுகிறது. அது மண்ணில் ஊறிச் சென்சாரை எட்ட நேரம் வேண்டும். ஊறுவதற்குள் மறுபடி கேட்டால் சென்சார் இன்னும் "காய்ந்தது" என்றுதான் சொல்லும்.

`AIR_LIMIT` கொஞ்சம் பட்டறிவு. சென்சார் மண்ணிலிருந்து கழன்று விழுந்தால் அது காட்டும் எண்ணும் "மிகக் காய்ந்த மண்"தான். காற்றில் வந்த 2590-க்குச் சற்றுக் கீழே ஒரு கோடு போட்டு, அதற்கு மேல் போனால் தண்ணீர் விடாதே என்று வைத்தேன். ஒயரே அறுந்துவிட்டால் 34 எதையாவது உளறும், அந்த நேரத்தில் இந்தக் கோடு முழுப் பாதுகாப்பு ஆகாது. அடுத்த நிரலில் ஒரு நாளைக்கு இத்தனை முறைதான் என்று எண்ணிக்கையும் வைக்கப்போகிறேன்.

மின்சாரமே இல்லாமல் ஓடிய தண்ணீர்

எட்டாம் நாள், மறுபடி குளம். இந்த முறை பம்ப் அமைதியாக இருந்தது. பதிவிலும் ஒரே ஒரு முறைதான் ஓடியிருக்கிறது, 4 விநாடி. ஆனால் வாளி காலி.

முதல் தொட்டிக்கு வாளி தரையில் இருக்கிறது. இங்கே இடம் இல்லாததால் ஜன்னல் விளிம்பில், தொட்டியைவிட உயரத்தில் வைத்திருந்தேன். பம்ப் டியூபை நிரப்பி விட்டது. அது நின்ற பிறகும், டியூபின் வாய் வாளியின் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்ததால், தண்ணீர் தானாகவே இறங்கிக்கொண்டே இருந்தது. இந்த வகைப் பம்பில் நின்றதும் அடைத்துக்கொள்ளும் வால்வு எதுவும் கிடையாது. மாஸ்ஃபெட்டைத் திட்டிப் பயனில்லை. வாளியைத் தரைக்கு இறக்கினேன், நின்றது. இறக்க முடியாத இடமென்றால், டியூபின் வாயை வாளியின் நிறைந்த மட்டத்துக்கும் மேலே கட்டி, அங்கிருந்து சொட்டவிட வேண்டும்.

திருத்தி எழுதிய குறிப்பு

ஒன்பதாம் நாள் மாலை, கருவி ஓடும்போதே அதன் முன்னால் உட்கார்ந்து குறிப்பை மறுபடி எழுதினேன். பாகங்கள் இப்போது இப்படி:

- ESP32 பலகை, ESP-WROOM-32 பொருத்திய 30 பின் வகை
- கெபாசிட்டிவ் மண் ஈரப்பத சென்சார் v1.2
- தண்ணீருக்குள் வைக்கும் 3–6 வோல்ட் டிசி பம்ப், அதற்குப் பொருந்தும் டியூப்
- IRLZ44N மாஸ்ஃபெட். IRF520 ஆகாது
- 1N4007 டயோடு
- 220 ஓம் ரெசிஸ்டர் 1, 10 கிலோஓம் ரெசிஸ்டர் 1
- 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கெபாசிட்டர்
- 5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர், ஸ்க்ரூ டெர்மினல், தடிமனான இரண்டு கம்பி ஒயர்

இணைப்புக்கு முன்பு மூன்று வரி இருந்தது, இப்போது ஒரு பத்தி. சென்சாரின் VCC பலகையின் 3.3 வோல்ட்டுக்கு, GND கிரவுண்டுக்கு, AOUT 34-க்கு. மாஸ்ஃபெட்டின் எழுத்துள்ள முகத்தை நம் பக்கம் வைத்து, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால், இடமிருந்து வலமாக கேட், டிரெயின், சோர்ஸ். 23-ஆம் பின்னிலிருந்து 220 ஓம் வழியாகக் கேட்டுக்கு. கேட்டிலிருந்து 10 கிலோஓம் வழியாகக் கிரவுண்டுக்கு, பலகை தொடங்கும்வரை கேட் அந்தரத்தில் தொங்காமல் இருக்க. சோர்ஸ் கிரவுண்டுக்கு, டிரெயின் பம்பின் கழித்தல் முனைக்கு, பம்பின் கூட்டல் முனை டெர்மினலின் 5 வோல்ட்டுக்கு. டயோடு பம்பின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே, வெள்ளைக் கோடு 5 வோல்ட் பக்கம். திருப்பிப் போட்டால், மாஸ்ஃபெட் திறந்த நொடியில் அது 5 வோல்ட்டை நேராகக் கிரவுண்டுக்குக் கொண்டுபோய்விடும். பம்ப் ஓடாமல் டயோடு சுடுகிறதென்றால் முதலில் அந்தக் கோட்டைப் பாருங்கள்.

அதன் கீழே, நிரலை ஏற்றும் முன் செய்யவேண்டிய சோதனையையும் எழுதினேன்: பம்பை வாளியில் மூழ்கவைத்து, 3.3 வோல்ட் ஒயரைக் கேட்டில் தொடு, டிரெயின்-சோர்ஸ் நடுவே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் மேலே போகாதே. சுட்டி `v2`-வுக்கு.

அடுத்த முறை மாற்றப்போவது இரண்டு. வாளியில் தண்ணீர் தீர்ந்ததைச் சொல்ல ஒரு மிதவை சுவிட்ச். இந்தப் பம்ப் தண்ணீரில்லாமல் ஓடினால் சீக்கிரம் கெட்டுவிடும், இப்போதைக்கு என் கண்தான் சுவிட்ச். இன்னொன்று சென்சாரின் விளிம்பு. பலகையின் முகத்தில் பூச்சு இருக்கிறது, வெட்டிய விளிம்பில் இல்லை. எட்டு மாதம் மண்ணில் இருந்த முதல் சென்சாரைப் பிடுங்கிப் பார்த்தேன். விளிம்பு ஊறி லேசாக உப்பியிருந்தது, காற்றில் 2710 காட்டியது இப்போது 2480. புதியதற்கு விளிம்பைச் சுற்றி இரண்டு கோட் நகப்பூச்சு அடித்திருக்கிறேன். மேலே பாகங்கள் இருக்கும் இடத்துக்கும் சேர்த்துத்தான்.